மாத வாடகை பேசும் முன்

நாள்தோறும் ஒரே வழியில், ஒரே நேரத்தில் சரக்கு அனுப்பும் தொழிலுக்கு டிரிப் வாடகை பெரும்பாலும் கூடுதல் செலவு. டிரிப்புக்கு இவ்வளவு என்று வண்டிக்காரர் கேட்கும் தொகைக்குள், நாளைக்கு லோடு கிடைக்காமல் வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தின் விலையும் சேர்ந்திருக்கிறது. மாத ஒப்பந்தம் அந்தப் பயத்தைப் போக்குவதால்தான் வாடகை குறைகிறது. "மாசம் பூரா வண்டி எடுக்கிறோம், பார்த்துக் குறைச்சுக்குங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அதிகம் குறையாது. எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கணக்கோடு சொன்னால்தான் அவரால் துணிந்து குறைக்க முடியும்.

பொள்ளாச்சியில் முறுக்கும் மிக்சரும் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் ஒரு டாடா ஏஸ் கிளம்பி, கிணத்துக்கடவு, ஈச்சனாரி, சுந்தராபுரம், உக்கடம் ஆகிய இடங்களில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. போக வர 100 கிலோமீட்டர், மாதம் 26 நாள். ஒரு டிரிப்புக்கு 2,800 ரூபாய் வீதம் மாதம் 72,800 ரூபாய் ஆகிறது. இங்கு வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கும் வண்டிக்கும் தக்கபடி மாறும்.

இதையே வண்டிக்காரரின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். வண்டி ஓடினாலும் நின்றாலும் டிரைவர் சம்பளம் 18,000, வண்டிக் கடனின் மாதத் தவணை 13,000, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. செலவுகளின் மாதப் பங்கு 4,000 ரூபாய் அவருக்கு உண்டு. தனக்கென்று அவர் 6,000 எதிர்பார்த்தால் நிலையான தொகை 41,000 ரூபாய். மற்றது ஓட்டத்தைப் பொறுத்தது. மாதம் 2,600 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தால் 162.5 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் அது 14,950. டயர், ஆயில், சர்வீசுக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் 5,200. இரண்டும் சேர்ந்து 20,150, அதாவது கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 75 காசு. ஆக மொத்தம் 61,150 ரூபாய். டிரிப் வாடகையைவிட 11,650 குறைவு. வண்டிக்காரருக்கும் இதில் நட்டமில்லை.

ஆனால் இந்த லாபம் வண்டி ஓடும் நாட்களைப் பொறுத்தது. நிலையான தொகையும் கிலோமீட்டர் கட்டணமும் தனித்தனியாகத் தரும் ஏற்பாட்டில், மாதம் 21 நாளாவது வண்டி ஓடினால்தான் டிரிப் வாடகையைவிட மலிவு. 20 நாள் மட்டும் ஓடினால் மாத ஒப்பந்தம் 56,500 ரூபாய், டிரிப் கணக்கு 56,000. வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் சரக்கு அனுப்புகிறவர் முழு மாதத்துக்கு வண்டியைப் பிடித்துவைத்தால் கைநட்டம்தான். அவர் குறிப்பிட்ட நாட்களை உறுதிசெய்து, நாளுக்கு இவ்வளவு என்று பேசுவதே சரி.

பலர் பேசாமல் விடுவது மிச்ச நேரத்தைப் பற்றி. இந்த வண்டி பகல் 2 மணிக்குப் பொள்ளாச்சி திரும்பிவிட்டால், பிற்பகல் முழுவதும் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் வண்டிக்காரர் வேறு லோடு ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால், 41,000 ரூபாயில் ஒரு பகுதியை அந்த லோடு சுமக்கும். அங்கே இன்னும் குறைத்துக் கேட்க நியாயம் உண்டு. கோவையிலிருந்து காலியாகத் திரும்பும் வண்டிக்கும் இதே கணக்குதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மறுநாள் காலை குறித்த நேரத்துக்கு வண்டி வந்தாக வேண்டும், தின்பண்டத்தோடு ரசாயனமோ, நாற்றமடிக்கும் பொருளோ ஏறக்கூடாது. இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

விலை கேட்குமுன் ஒரு மாதத்து டிரிப் விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை பெட்டி, என்ன எடை, எந்தக் கடையில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்பவை அதில் இருக்க வேண்டும். முறுக்கு போன்ற சரக்கில் எடைக்கு முன் இடம் நிறைந்துவிடும் என்பதால், பெட்டியின் அளவைச் சொல்லாமல் எடையை மட்டும் சொன்னால் தவறான வண்டி வந்து சேரும். பிறகு மூன்று நான்கு பேரிடம் ஒரே வாசகத்தில் கேட்க வேண்டும். கடிதம் இவ்வளவு போதும்:

"ஐயா, பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் வரை, இடையில் மூன்று இடங்களில் இறக்கி, திங்கள் முதல் சனி வரை தினமும் சரக்கு அனுப்புகிறோம். காலை 7 மணிக்கு வண்டி வேண்டும். 2 மணிக்குள் திரும்பிவிடும். சராசரி 60 பெட்டி, 450 கிலோ. அதிகபட்சம் 80 பெட்டி, 600 கிலோ. ஏற்றுக்கூலி எங்களுடையது, இறக்குவதற்குக் கடைகளில் ஆள் உண்டு. திரும்பும்போது காலி டிரேக்கள் வரும். பிற்பகலில் வண்டியைத் தாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு மாதத் தொகை, அதில் அடங்கும் கிலோமீட்டர், கூடுதல் கிலோமீட்டருக்கான கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டுகிறோம். வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வங்கியில் செலுத்தப்படும்."

கடைசி வரி பேரத்தில் பெரிய பலம். வண்டிக்காரரின் கடன் தவணை தேதி தவறாமல் வரும். 45 நாள் கழித்துப் பணம் தருகிறவர் கேட்கும் விலையும், 5ஆம் தேதி தருகிறவர் கேட்கும் விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

டீசல் விலைக்கு ஒரு விதி தேவை. ஒப்பந்த நாளின் விலையை எழுதிவைத்து, அதிலிருந்து 3 ரூபாய்க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வாடகை மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வழித்தடத்தில் லிட்டருக்கு ஒரு ரூபாய் மாறினால் மாதம் 162 ரூபாய் 50 காசு மாறும். 5 ரூபாய் ஏறினால் 812 ரூபாய் 50 காசு. இந்த விதி இல்லாவிட்டால் விலை ஏறும்போதெல்லாம் புதிதாகப் பேரம் பேச வேண்டியிருக்கும், இறங்கும்போது யாரும் பேசமாட்டார்கள்.

வரும் விலைகளில் மிகக் குறைந்ததை உடனே ஏற்பது ஆபத்து. மேலே சொன்ன வழிக்கு ஒருவர் 48,000 கேட்டால், டீசல், டிரைவர், தவணை மூன்றும் சேர்ந்த 45,950 போக 2,050 ரூபாய்தான் மிஞ்சும். டயருக்கும் சர்வீசுக்குமே அது போதாது. கடன் முடிந்த வண்டியோ, உரிமையாளரே ஓட்டும் வண்டியோ என்றால் அந்த விலை சரியாக இருக்கலாம். ஆகவே காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்திலேயே அறிகுறிகள் தெரியும்: வண்டி தாமதமாக வரும், டிரைவர் அடிக்கடி மாறுவார், மாத நடுவில் முன்பணம் கேட்கப்படும், தீபாவளி நெருக்கத்தில் கூடுதல் வாடகைக்கு வண்டி வேறு பக்கம் போய்விடும். தின்பண்டத் தொழிலுக்கு அதுவே உச்ச பருவம் என்பதால், பண்டிகை நாட்களின் கூடுதல் டிரிப்புக்கு என்ன கட்டணம் என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். வண்டி பழுதானால் எத்தனை மணிக்குள் மாற்று வண்டி வரும், வராவிட்டால் வெளியில் பிடிக்கும் வண்டியின் கூடுதல் செலவு யாருடையது என்பதும் அப்படியே.

கிலோமீட்டர் தகராறு வராமலிருக்க, காலையிலும் மாலையிலும் மீட்டரைப் படம் எடுத்து, டிரிப் ஷீட்டில் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மஞ்சள் நம்பர் பிளேட், எஃப்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றின் நகலைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். 10 அல்லது அதற்குக் குறைவான சரக்கு வாகனங்கள் வைத்திருப்பவர், அதை உறுதிசெய்து பான் எண்ணோடு எழுதிக்கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கத் தேவையில்லை. ஜி.எஸ்.டி. யார் கட்டுவது என்பது வண்டிக்காரர் சரக்குக் குறிப்பு தருகிறாரா, வண்டியை வாடகைக்கு விடுகிறாரா என்பதைப் பொறுத்தது என்பதால், கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வதே பத்திரம்.

முதல் மாதத்தைச் சோதனை மாதமாக வைத்து, முடிவில் உண்மையான கிலோமீட்டரையும் நேரத்தையும் பார்த்துத் தொகையைத் திருத்திக்கொள்ளலாம். அதன்பின் விலக விரும்பும் தரப்பு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று எழுதிக்கொண்டால், வண்டிக்காரருக்கு வேறு லோடு தேடவும் நிறுவனத்துக்கு வேறு வண்டி தேடவும் அவகாசம் கிடைக்கும்.