விசாவில் 'மிஹ்னா' என்ன என்று பார்த்தீர்களா?

சவுதிக்கு முதல்முறை வேலைக்குப் போகிறவர், விசா தாள் கைக்கு வந்ததும் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சரிபார்ப்பார். அரபியில் இருக்கும் மற்றதெல்லாம் ஏஜென்ட் சொல்வதுதான். ஆனால் அங்கே அவருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முடிவு செய்வதே அந்த அரபி வரிகள்தான்.

'கஃபீல்' என்பவர் உங்களை வரவழைத்து, உங்களுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி. 'இகாமா' அங்கே தங்குவதற்கான அனுமதி. 'மிஹ்னா' உங்கள் தொழில்.

ராமநாதபுரத்து இளைஞர் ஒருவருக்கு ரியாத் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விசாவில் மிஹ்னா 'சாயிக் காஸ்' என்று இருக்கிறது. சாயிக் என்றால் டிரைவர். காஸ் சேர்ந்தால் வீட்டு டிரைவர். கஃபீல் இடத்திலும் ஒரு தனிமனிதரின் பெயர். கம்பெனியாக இருந்தால் 'ஷரிகா' அல்லது 'முஅஸ்ஸஸா' என்ற சொல் பெரும்பாலும் அந்தப் பெயரோடு வரும்.

வேறுபாடு பெரியது. வீட்டு வேலையாட்கள் சவுதி தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனி விதிகள். 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தப்படி, கம்பெனித் தொழிலாளி ஓராண்டு முடிந்தபின் கஃபீலின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம். வீட்டு டிரைவருக்கு அது கிடையாது. இந்த விசாவில் வந்து கம்பெனி வேன் ஓட்டினால், கஃபீல் அல்லாதவரிடம் வேலை செய்த குற்றம் அவர்மேல் விழும். பிடிபட்டால் நாடுகடத்தல்வரை போகும். 'ஆசாத் விசா, எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்' என்று விற்கப்படுவதும் இதே வலைதான். சட்டத்தில் அப்படி ஒரு விசாவே இல்லை.

போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் கஃபீல் இகாமா எடுத்துத் தர வேண்டும். அதன் எண் பத்து இலக்கம், 2-இல் தொடங்கும். கம்பெனித் தொழிலாளிக்கு இகாமா கட்டணமும் புதுப்பிக்கும் செலவும் முதலாளியுடையவை. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அட்டை கையில் இருப்பதால் இகாமா செல்லும் என்று இருந்துவிட வேண்டாம். புதுப்பிப்பது கணினியில் நடக்கிறது. காலாவதியானாலும் அட்டை அப்படியேதான் இருக்கும். 'அப்ஷர்' செயலியில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, காலாவதித் தேதியை நீங்களே பாருங்கள். வேலைக்கு வரவில்லை என்று கஃபீல் புகார் கொடுத்தால் அதற்குப் பெயர் 'ஹுரூப்'.

விமானம் ஏறுவதற்கு முன், அரபி படிக்கத் தெரிந்தவரிடம், ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமாவது, விசாவைக் கொடுத்து மிஹ்னாவையும் கஃபீல் பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றும் விசாவில் வேறொன்றும் இருந்தால், 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பதை ஏற்காதீர்கள். சரியான விசா வரும்வரை புறப்படாதீர்கள்.