ஃபைல் நகல் ஏன் மெதுவாகிறது? முத்திரைக்கு ஆகும் செலவு

2016 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கான 10.11.5 பதிப்பை வெளியிட்டது. அதை நிறுவிய பலருக்கு அலுவலக சர்வரிலும் நாஸ் பெட்டியிலும் இருந்து ஃபைல் நகலெடுக்கும் வேகம் திடீரென்று சரிந்தது. கேபிளும் ஸ்விட்சும் ஹார்டு டிஸ்க்கும் பழையவைதான். ஆனால் எஸ்.எம்.பி. வழியாக வந்துபோகும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இருந்தே ஆக வேண்டும் என்று மேக் அடம்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

வேகம் வேண்டுமானால் அதை அணைத்துக்கொள்ளலாம் என்று ஆப்பிளே வழியும் சொன்னது. `/etc/nsmb.conf` என்ற ஃபைலில் இரண்டு வரி எழுதினால் போதும்:

```
[default]
signing_required=no
```

பிறகு 10.13.4 பதிப்பில் ஆப்பிள் கையொப்பக் கட்டாயத்தைத் தானாகவே விலக்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் போனது எதிர்த்திசையில். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பில், புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில், கையொப்பம் கட்டாயம். ஒரே பிரச்சினைக்கு இரண்டு பெரிய நிறுவனங்கள் நேர்மாறான விடை கண்டிருக்கின்றன என்றால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் ‘நெட்வொர்க்’ என்பதைச் சொடுக்கி அடுத்த மேஜைக் கணினியின் ஃபோல்டரைத் திறக்கிறோமே, அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் மொழிதான் எஸ்.எம்.பி. லினக்ஸிலும் பெரும்பாலான நாஸ் பெட்டிகளிலும் இதே மொழியைப் பேசுவது சாம்பா என்ற மென்பொருள். இதில் பாதுகாப்பு இரண்டு வகை. கையொப்பம் என்பது தபால் உறையின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை: அனுப்பியவர் யார், வழியில் யாராவது திருத்தினார்களா என்று அது காட்டிக்கொடுக்கும், உள்ளே இருப்பதை மறைக்காது. கையொப்பம் மட்டும் உள்ள இணைப்பை வயர்ஷார்க் போன்ற கருவியில் பிடித்தால் சம்பளப் பட்டியலை வரிவரியாகப் படித்துவிடலாம். உள்ளடக்கத்தை மறைப்பது என்க்ரிப்ஷன். அது மறைப்பதோடு திருத்தத்தையும் கண்டுபிடித்துவிடும் என்பதால், என்க்ரிப்ட் ஆன செய்திக்குத் தனியாகக் கையொப்பம் போடப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்து இயக்கினால் செலவு இரட்டிப்பாகும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது.

சரி, செலவு எங்கே விழுகிறது? நெட்வொர்க் கேபிளில் அல்ல, பிராசஸரில். அனுப்பும் கணினி ஒவ்வொரு பைட்டையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் ஓட்டி முத்திரை எண் எடுக்கிறது. வாங்கும் கணினி அதையே மறுபடி செய்து சரிபார்க்கிறது. சூத்திரம் காலத்துக்குக் காலம் மாறியது. எஸ்.எம்.பி. 2-இல் எச்மாக்-ஷா-256, 3.0-இல் ஏ.இ.எஸ்.-சிமாக், விண்டோஸ் 11-உம் சர்வர் 2022-உம் பேசும்போது ஏ.இ.எஸ்.-ஜிமாக். சிமாக்கில் ஒரு துண்டின் விடை கிடைத்த பிறகுதான் அடுத்த துண்டைத் தொட முடியும். ஜிமாக்கில் பல துண்டுகளை ஒரே நேரத்தில் கணக்கிடலாம், அதனால் வேகம் அதிகம். என்க்ரிப்ஷனிலும் இதே கதைதான்: 2012-இல் வந்தது சிசிஎம், விண்டோஸ் 10 காலத்தில் வேகமான ஜிசிஎம் சேர்ந்தது.

பிராசஸரில் ஏ.இ.எஸ். கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். இன்டெல் இவற்றை 2010-இல் சேர்த்தது. சிறிய பெட்டிகளில்தான் சிக்கல். ராஸ்பெரி பை 4-இல் அந்தக் கட்டளைகள் இல்லை, பை 5-இல் உண்டு. மென்பொருள் எழுதப்பட்ட விதத்தாலும் பெரிய வித்தியாசம் வரும். 2020-இல் வந்த சாம்பா 4.12, தன் பழைய குறியாக்கக் கணக்குகளைக் கைவிட்டு குனூடிஎல்எஸ் நூலகத்துக்கு மாறியது. என்க்ரிப்ட் செய்த இணைப்பில் எழுதும் வேகம் 3 மடங்கும் படிக்கும் வேகம் 2.5 மடங்கும் கூடியதாக அதன் வெளியீட்டுக் குறிப்பே சொன்னது. கம்பியோ சிப்போ மாறவில்லை! பழைய பதிப்பு ஓடும் நாஸ் பெட்டியை வைத்துக்கொண்டு ‘என்க்ரிப்ஷன் என்றாலே மந்தம்’ என்று தீர்ப்பு எழுதியவர்கள் எத்தனை பேரோ.

ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். 50 கிகாபைட் ஃபோல்டர் ஏழரை நிமிடத்தில் நகலாகிவிடும். நாஸ் பெட்டியின் பிராசஸரால் விநாடிக்கு 60 மெகாபைட்தான் என்க்ரிப்ட் செய்ய முடியும் என்றால் அதே வேலைக்குப் பதினான்கு நிமிடம் ஆகும். விநாடிக்கு 1,000 மெகாபைட் செய்ய முடிந்தால்? அப்போதும் ஏழரை நிமிடம்தான். ஏனென்றால் பிராசஸர் கம்பிக்காகக் காத்திருக்கிறது. 10 கிகாபிட் இணைப்புக்குப் போகும்போதுதான் இந்தப் பேச்சு மறுபடி சூடுபிடிக்கும்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. முதலில் `iperf3` கொண்டு வெறும் நெட்வொர்க்கின் வேகத்தை அளக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்தபடி, சர்வரில் `top` கட்டளையைப் பார்க்க வேண்டும். நெட்வொர்க் பாதி காலியாக இருக்க, `smbd` ஒரு கோரை முழுவதும் விழுங்கிக்கொண்டிருந்தால் குற்றவாளி அநேகமாகக் குறியாக்கம்தான். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை வைத்துச் சோதிக்கக் கூடாது. அங்கே நேரத்தைத் தின்பது ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடும் கேள்வி பதில்கள். பழி மட்டும் கையொப்பத்தின் மேல் விழும்.

விண்டோஸில் இப்போதைய இணைப்பின் நிலையை இப்படிப் பார்க்கலாம்:

```
Get-SmbConnection | Select ServerName, Dialect, Signed, Encrypted
```

இந்தச் செலவைச் செய்து வாங்குவது என்ன? விடுதி, பகிர்வு அலுவலகம், கல்லூரி ஆய்வகம் என்று முகம் தெரியாதவர்களும் இணைந்திருக்கும் நெட்வொர்க்கில் பெரிய ஆபத்து, ஃபைலை நடுவில் திருத்துவது அல்ல. உள்நுழைவையே திருடுவதுதான். தாக்குபவர் தன் கணினியை சர்வர் போலக் காட்டிக்கொள்கிறார். ஊழியரின் கணினி நம்பி உள்நுழைய முயல்கிறது. அவர் அந்தச் செய்திகளை அப்படியே உண்மையான சர்வருக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து வரும் சவாலை ஊழியரின் கணினிக்கே திருப்பிவிடுகிறார். விடை சரியாக வந்ததும் சர்வரில் ஊழியரின் பெயரில் அமர்ந்துவிடுகிறார். பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியவே தெரியாது. 2001-இல் வெளியான எஸ்.எம்.பி.ரிலே என்ற கருவி இதை நடத்திக் காட்டியது. அதன் வாரிசுகள் இன்றும் பாதுகாப்புச் சோதனையாளர்களின் பையில் இருக்கின்றன.

கையொப்பம் இதை உடைக்கிறது. முத்திரை போடும் சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறப்பது. தபாலை மட்டும் கடத்தியவரிடம் அது இருக்காது. அவர் அனுப்பும் அடுத்த செய்தியையே சர்வர் தள்ளிவிடும். ஆனால் சர்வர் கையொப்பத்தைக் கட்டாயமாகக் கேட்டால்தான் இது நடக்கும். ‘முடிந்தால் போடலாம்’ என்று விட்டுவைத்தால் தாக்குபவர் போடாமலே நுழைந்துவிடுவார்.

என்க்ரிப்ஷனுக்கும் ஒரு எல்லை உண்டு. என்.டி.எல்.எம். முறையில் நுழையும்போது அதன் சாவியும் பாஸ்வேர்டிலிருந்தே வருகிறது, உள்நுழைவுச் செய்திகளோ மறைக்கப்படாமல் போகின்றன. ஒருவர் முழு உரையாடலையும் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டைச் சாவகாசமாக ஊகித்துவிட்டால், பழைய பதிவும் திறந்துகொள்ளும்.

பாஸ்வேர்ட் இல்லாத ‘கெஸ்ட்’ இணைப்பில் சாவியே கிடையாது, ஆகவே கையொப்பமும் கிடையாது. 24H2 வந்ததும் பழைய நாஸ் பெட்டிகள் திறக்க மறுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையொப்பக் கட்டாயத்தை நீக்குவதை விட, பெட்டியில் ஒரு பயனர் கணக்கு உருவாக்குவது மேல். என்க்ரிப்ஷனை எல்லாவற்றுக்கும் போட வேண்டியதில்லை. விண்டோஸ் சர்வரில் ஃபோல்டர் வாரியாகவே போடலாம்: கணக்கு வழக்குகளுக்கு மட்டும் இயக்கிவிட்டு, வீடியோக்கள் கிடக்கும் ஃபோல்டரைக் கையொப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

```
Set-SmbShare -Name Accounts -EncryptData $true
```