ஹாலில் இடம் உண்டு, ஆனால் ஸ்டால் இல்லை

வணிகக் கண்காட்சி நடத்துபவரின் சுவரில் ஹாலின் வரைபடம் ஒன்று தொங்கும். கட்டம் கட்டமாக ஸ்டால்கள். வெள்ளைக் கட்டம் காலி, மஞ்சள் கட்டம் பேசி வைத்தது, பச்சைக் கட்டம் பணம் வந்தது. பார்க்க நாற்காலிக்கு எண் போடுகிற வேலை போலத்தான் இருக்கும். ஆனால் கண்காட்சி தொடங்குகிற அன்று காலையில் நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை அந்த வரைபடத்தில், அதுவும் யாரை முதலில் கூப்பிட்டோம் என்பதில்தான் தொடங்குகின்றன.

ஒரு சிறு கணக்காகவே பார்த்துவிடலாம். கோவையில் பம்ப், மோட்டார் செய்பவர்களுக்காக ஒரு கண்காட்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு தொகுதியில் மட்டும் 12 ஸ்டால்கள். வாசலைப் பார்த்த பெரிய நடைபாதையில் ஏ1 முதல் ஏ6 வரை, அவற்றின் முதுகோடு ஒட்டிப் பின்பக்கம் பி1 முதல் பி6 வரை. ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். நம் ஊர்க் கண்காட்சிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு இது. நடுவில் இருக்கும் ஸ்டாலுக்கு ஒரு பக்கம்தான் திறப்பு. மூலை ஸ்டாலுக்கு இரண்டு பக்கம் திறப்பு, அதனால் வாடகை கூடுதல். சதுர மீட்டருக்கு 9,000 ரூபாய், மூலைக்கு 10 சதவீதம் அதிகம் என்று கொள்வோம். சாதாரண ஸ்டால் 81,000, மூலை ஸ்டால் 89,100. ஜி.எஸ்.டி. தனி.

முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்று ஆரம்பிக்கிறோம். ஸ்பேனர் விற்பவர் முதலில் வருகிறார். மூலைக்குக் கூடுதல் பணம் தர மனமில்லாமல் ஏ3 எடுக்கிறார். அடுத்து வருபவரும் அதே சரக்குதான் விற்கிறார். அவர் பக்கத்தில் வேண்டாம் என்று ஒன்று விட்டு ஏ5 எடுக்கிறார். மூன்றாவதாகப் பம்ப் கம்பெனிக்காரர் வந்து, முன்வரிசையில் சேர்ந்தாற்போல 27 சதுர மீட்டர், அதாவது மூன்று ஸ்டால் கேட்கிறார். ஏ1, ஏ2, ஏ4, ஏ6 காலியாகத்தான் இருக்கின்றன. மொத்தம் 36 சதுர மீட்டர். ஆனால் சேர்ந்த மூன்று எங்கும் இல்லை. அதிகப் பணம் தர வந்தவர் திரும்பிப் போகிறார். இருவர் செய்ததிலும் தப்பு இல்லை. கூப்பிட்ட வரிசைதான் தப்பு.

ஆகவே முதல் விதி, பெரிய இடம் கேட்டவர்களை முதலில் உட்கார வைப்பது. பம்ப் கம்பெனிக்கு ஏ4, ஏ5, ஏ6. மூலை சேர்ந்திருப்பதால் மொத்தப் பரப்புக்கும் 10 சதவீதம் கூடுதல் என்பது விதியானால், வாடகை 2,67,300 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 3,15,414. இரட்டை ஸ்டால் கேட்ட மோட்டார்காரருக்கு ஏ1, ஏ2. நடுவில் ஏ3 மிஞ்சுகிறது, ஒற்றை ஸ்டால்காரர் ஒருவருக்கு அது போதும்.

இதில் ஓர் அநியாயமும் ஒளிந்திருக்கிறது. இப்படியே விட்டால் எல்லா மூலையும் பெரியவர்களுக்கே போய்விடும். அதற்காகத்தான் புக்கிங் திறக்கும் முன்பே, இந்த மூலைகள் ஒற்றை ஸ்டாலுக்கு மட்டும் என்று ஒதுக்கி எழுதிவிட வேண்டும். நம் தொகுதியில் பி1, பி6 இரண்டும் அப்படி. புக்கிங் திறந்த பிறகு அறிவித்தால் அது விதியாக இருக்காது, சலுகையாகத்தான் தெரியும்.

ஒரே அளவு கேட்டவர்களுக்குள் யார் முன்னே என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. இங்கே ஏமாறுவது எளிது. ‘அனுப்பிவிட்டேன்’ என்று வாட்ஸப்பில் வரும் ரசீதுப் படம் பணம் ஆகாது. வங்கிக் கணக்கில் வரவு விழுந்த தேதியைத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பல கம்பெனிகள் வாடகையில் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். பில் தொகைக்கும் வரவுக்கும் வித்தியாசம் தெரிந்ததும் ‘பாக்கி’ என்று மஞ்சளிலேயே வைத்திருந்தால், முழுப்பணம் கட்டியவரைப் பின்னுக்குத் தள்ளிவிடுவோம். பிடித்த வரியையும் சேர்த்துத்தான் நிலுவை பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கட்டியவருக்கு இடம் உண்டு, ஆனால் தவணை தேதிக்குள் பேலன்ஸ் வர வேண்டும். வராவிட்டால் கட்டம் மறுபடி வெள்ளை. காலியான இடத்தை நேரே காத்திருப்புப் பட்டியலின் தலைவருக்குக் கொடுப்பது பலர் செய்யும் பிழை. முழுப்பணம் கட்டி, மனமில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துக் கொதிப்பார். உள்ளே இருப்பவர்களிடம் வரிசைப்படி ‘மாறிக்கொள்கிறீர்களா’ என்று கேட்டுவிட்டு, கடைசியாகக் காலியாவதைத்தான் புதியவருக்குத் தர வேண்டும்.

இனி விருப்பம். படிவத்தில் முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று கேட்பார்கள். வால்வுக்காரர், கேபிள்காரர், பேரிங்காரர் மூவரும் ஒற்றை ஸ்டால் கேட்கிறார்கள். பணம் வந்த வரிசையும் அதுவே. வால்வும் கேபிளும் ஏ3, அடுத்து பி1 என்று எழுதியிருக்கிறார்கள். பேரிங்காரர் பி1ஐயே முதலில் எழுதியிருக்கிறார்.

நல்ல மனம் படைத்த அமைப்பாளர் ஒருவர், எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்கும் முதல் விருப்பத்தையே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். வால்வுக்கு ஏ3, பேரிங்குக்கு பி1. பேரிங்காரருக்கு முன்பே பணம் கட்டிய கேபிள்காரருக்கு இரண்டும் இல்லை. உண்மையை எழுதியதுதான் அவர் செய்த பிழை. அடுத்த ஆண்டு அவர் ஏ3ஐ விரும்பினாலும் பி1ஐத்தான் முதலில் எழுதுவார். இரண்டு ஆண்டு இப்படிப் போனால் அந்தப் படிவத்தில் யாருடைய விருப்பமும் இருக்காது, ஊகம்தான் இருக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் பள்ளிச் சேர்க்கையில் இதே வகை முறையை வைத்திருந்தது. பெற்றோர் உண்மையை எழுதினால் நஷ்டப்படுகிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் காட்டிய பிறகு, 2005இல் அதைக் கைவிட்டது.

மருந்து எளிது. வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மீதி இருப்பதில் அவர் பட்டியலில் மேலே இருப்பதைக் கொடுக்க வேண்டும். வால்வுக்கு ஏ3, கேபிளுக்கு பி1, பேரிங்குக்கு அவருடைய அடுத்த விருப்பம். இந்த முறையில் பொய் எழுதி லாபம் பார்க்க வழியே இல்லை. அமெரிக்காவில் பல பெரிய கண்காட்சிகள் இந்த வரிசையை முன்னுரிமைப் புள்ளிகளால் அமைக்கின்றன. எத்தனை ஆண்டு வந்தார், எவ்வளவு இடம் எடுத்தார் என்பதற்குப் புள்ளி, புள்ளி கூடியவர் முதலில் தேர்ந்தெடுப்பார். புதியவர்களுக்கு அது கடுமைதான், ஆனால் விதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

ஒதுக்கீடு முடிந்ததும் சரிபார்க்க ஒரு சோதனை போதும். மனத்தாங்கலோடு இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பிய ஸ்டாலில், அதே அளவு கேட்டவர்களில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? இல்லையென்றால் அவருக்கு வருத்தம் இருக்கலாம், வழக்கு இல்லை. இருந்தால் பிழை அமைப்பாளருடையது.

ஸ்டால் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வரிசையை எதை வைத்து அமைக்கிறீர்கள்? கடைசி நேரத்தில் காலியாகும் ஸ்டால் யாருக்குப் போகும்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்தால் விருப்பத்தை உள்ளபடியே எழுதுங்கள். ‘நாங்க பாத்துக்கிறோம் சார்’ என்று மட்டும் சொன்னால், அந்தச் சுவர் வரைபடத்தில் உங்கள் கட்டம் எந்த நேரமும் இடம் மாறலாம்.