பேட்டரி வண்டியின் உண்மையான எரிபொருள் எது?

ஆரணியில் டெலிவரி வேலை செய்பவரின் வண்டி பஜாருக்குள்ளேயே பாதி நாள் சுற்றும். மீதி நேரம் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று தறி வீடுகள் இருக்கும் ஊர்களுக்குப் போய்வரும். பெட்டியில் சாப்பாட்டுப் பார்சலோ கூரியர் கட்டோ பட்டுச் சேலையோ இருக்கலாம், கூலி நடைக்குத்தான். அதனால் ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவாகிறது என்பதில்தான் அவருடைய வருமானம் நிற்கிறது. பேட்டரி வண்டிக்காரர், “ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய் கரன்ட்தான் ஆகுது” என்பார். பெட்ரோல் வண்டிக்காரரோ, “பேட்டரி போச்சுன்னா அறுபதாயிரம் வைக்கணுமே” என்பார். இருவர் சொல்வதும் சரிதான். இரண்டையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தால்தான் விடை கிடைக்கும்.

நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர், நின்று நின்று போகும் டெலிவரி ஓட்டத்தில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 24 பைசா; ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 ரூபாய்.

அதே ஓட்டத்துக்கு 3 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள மின்சார ஸ்கூட்டர், சுவர் பிளக்கிலிருந்து சுமார் 2.8 யூனிட் இழுக்கும். பேட்டரியிலிருந்து செலவாவது இரண்டரை யூனிட்தான். மீதி, சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போய்விடுகிறது. ஆனால் பில் வருவது சுவரில் இழுத்த 2.8 யூனிட்டுக்கு. ஆகவே கிலோமீட்டருக்கு 35 வாட்மணி என்பதே நமக்கு வேண்டிய எண்.

இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 45 கிலோமீட்டருக்கு அதைப் பகிர்ந்தால் கிலோமீட்டருக்கு 200 வாட்மணி வருகிறது. அதில் பெரும்பகுதி எஞ்சின் சூடாகவும் சைலன்சர் புகையாகவும் போகிறது. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் நிமிடங்களிலும் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். மோட்டார் நின்றால் கரன்ட் செலவும் ஏறக்குறைய நின்றுவிடும். பஜார் நெரிசலில் பெட்ரோல் வண்டியின் மைலேஜ் இறங்குவதும், மின்சார வண்டிக்கு அது பெரிய பாதிப்பாக இல்லாததும் இதனால்தான். நெடுஞ்சாலையில் கதை மாறும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்க அளவில் ஏறும். சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் வேலூருக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பினால், ஊருக்குள் தந்த தூரத்தை அதே பேட்டரி தராது.

அடுத்தது கரன்ட் பில். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வண்டி இரண்டு மாதத்தில் சுமார் 146 யூனிட் இழுக்கும். அந்த யூனிட்டின் விலை, வீட்டில் ஏற்கெனவே எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி பார்ப்போம். வீட்டுச் செலவு 250 யூனிட் என்றால், வண்டியும் சேர்ந்து 396 ஆகும். கூடும் யூனிட் ஒவ்வொன்றும் 4 ரூபாய் 70 பைசா. ஆக கிலோமீட்டருக்கு 16 பைசா. வீட்டுச் செலவே 400 யூனிட் என்றால், வண்டி அதை 546-க்குக் கொண்டுபோய்விடும். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். பில் சுமார் 1,250 ரூபாய் கூடி, கிலோமீட்டருக்கு 30 பைசா ஆகும். ஏறக்குறைய இரு மடங்கு. இருந்தாலும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் இது சிறு தொகைதான்.

இப்போது பேட்டரி. அதை மாற்ற 60,000 ரூபாய் ஆகும், அதுவரை 70,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 86 பைசா. அதாவது கரன்ட்டைப் போல ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மடங்கு! மின்சார வண்டியில் உண்மையில் எரிவது பேட்டரியின் ஆயுள்தான். அதற்கான பணத்தை வண்டி வாங்கும் அன்றே கொடுத்துவிடுகிறோம்.

சர்வீஸையும் சேர்ப்போம். டயரும் பிரேக்கும் இரண்டு வண்டிக்கும் பொது என்பதால் விட்டுவிடலாம். ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பெல்ட், ரோலர் என்று பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 35 பைசா, மின்சார வண்டிக்கு 10 பைசா என்று கொள்ளலாம். மொத்தம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 60 பைசா. மின்சாரத்துக்கு 1 ரூபாய் 12 பைசா முதல் 1 ரூபாய் 26 பைசா வரை. பேட்டரித் தேய்மானத்தைக் கழித்த பிறகும் நாளொன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 2,800 ரூபாய். வாங்கும் விலையில் 20,000 ரூபாய் கூடுதல் என்றால் எட்டு மாதத்துக்குள் அது திரும்பிவிடும். இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தவருக்கு முதல் மாதத்திலிருந்தே லாபம்.

நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயதாகும். ஆகவே குறைவாக ஓடும் வண்டியில் ஒரு கிலோமீட்டருக்கு விழும் பேட்டரிச் செலவு கூடிவிடும்.

வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய இரண்டு எண்களை மாதம் ஒருமுறை நோட்டில் குறித்தால் போதும். பிளக்கில் பொருத்தும் சிறிய யூனிட் மீட்டர் இதற்கு உதவும். 16 ஆம்பியர் தாங்குவதாக வாங்குவது நல்லது. முதல் எண், கிலோமீட்டருக்கு எத்தனை வாட்மணி என்பது. 35-ஆக இருந்தது 42 ஆனால், டயரில் காற்று குறைந்திருக்கும், அல்லது பிரேக் ஒட்டி உரசிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஐம்பது ரூபாய்ச் செலவில் சரியாகும் வேலை. இரண்டாவது எண், ஏறக்குறைய காலியான பேட்டரி முழுதாக ஏற எத்தனை யூனிட் இழுக்கிறது என்பது. மூன்றரைக்குப் பக்கத்தில் இருந்தது மூன்றுக்குக் கீழே வந்தால், தேய்வது பேட்டரியேதான். தூரம் குறைகிறது என்று மெக்கானிக்கிடம் போகுமுன் இந்த இரண்டில் எது மாறியது என்று பார்த்தால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

பேட்டரியை வேகமாகத் தேய்ப்பது சூடு. மே மாத வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே பிளக்கில் போடாமல், அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் போடுவது நல்லது. மறுநாள் விடுமுறை என்றால் முழு சார்ஜில் வைக்க வேண்டாம். வாங்கும்போது வாரண்டித் தாளில் வாடகை, டெலிவரி ஓட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். வணிகப் பயன்பாடு என்றால் வாரண்டியைக் குறைக்கும் அல்லது மறுக்கும் நிபந்தனைகள் உண்டு. அப்படி மறுத்தால், 60,000 ரூபாய் உங்கள் தலையில்தான் விழும்.

பெட்ரோல் வண்டிக்காரர் தினமும் பங்க்கில் 180 ரூபாய் கொடுக்கிறார். அது அன்றைக்கே முடிந்த கணக்கு. பேட்டரி வண்டிக்காரரின் கையில் அந்தப் பணம் மிஞ்சும், ஆனால் அத்தனையும் லாபம் அல்ல. அதில் நாளைக்கு 70 ரூபாயைப் பேட்டரிக்கென்று தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் புதிய பேட்டரிக்கான முழுத் தொகையும் சேர்ந்துவிடும். கடன் வாங்கும் நிலை வராது.