பந்து விழும் முன்பே மூடும் பந்தயம்

லாட்வியாவின் ரீகா நகர ஸ்டூடியோக்களில் ரவுலட் சக்கரத்தைச் சுழற்றுபவர் நிஜமான ஆள். ஆடுபவர்கள் மட்டும் வெளியூர்களில் திரை முன் இருக்கிறார்கள். கேமராக் காட்சி சுருக்கப்பட்டு அவர்களை அடைய ஓரிரு நொடி, இணையம் மந்தமானால் அதற்கும் மேலாகும். ஆக, திரையில் தெரிவது சற்று முன் நடந்தது.

பந்தயம் கட்ட 15 நொடி அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். அதை எண்ணுவது சர்வரின் கடிகாரம். கடைசி நொடியில் விரல் தொட்டாலும், கட்டளை தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பந்தயம் செல்லாது. ஏற்கப்பட்டதா என்பதை ஆட்டப் பதிவில்தான் பார்க்க வேண்டும். திரையில் சில்லு தெரிவது போதாது. பந்தின் வேகம் குறைந்து, விழும் இடத்தை ஊகிக்க முடிகிற கட்டத்துக்கு முன்பே மேசை மூடப்படுகிறது.

மேசை வரம்பும் இதே அளவு முக்கியம். குறைந்தது 10, அதிகம் 5,000 ரூபாய் என்றால், தோற்கும்தோறும் இரட்டிப்பவர் 9 தோல்வியில் 5,110 ரூபாய் இழந்திருப்பார். அடுத்துக் கட்ட வேண்டியது 5,120; மேசை அதை ஏற்காது. இழந்ததை இரட்டித்து மீட்கும் வழி அங்கேயே அடைபடுகிறது.