விளம்பரம் இல்லாமலே வந்திருப்பாங்களா? கோடியக்கரை சீசனை வைத்து ஒரு கணக்கு

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேசுபவர் சிறு விடுதிகளுக்கு ஆன்லைன் விளம்பரம் செய்பவர். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.)

கேள்வி: வேதாரண்யத்தில் பத்து ரூம் விடுதி. கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வர்றவங்கதான் வாடிக்கையாளர்கள். அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் 30,000 ரூபாய் இருக்கு. யாருக்குக் காட்டுவீங்க?

முதல்ல ஊர். பல பேர் மேப்ல கோடியக்கரையையே குத்திடுறாங்க. அப்போ விளம்பரம் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்காரர் போன்ல ஓடும். அவருக்கு எதுக்கு ரூம்? ஆள் கிளம்புற ஊரைத்தான் நான் எடுப்பேன்: திருச்சி, மதுரை. கூகுள்ல `Presence or interest`னு இருக்கறதை `Presence`னு மாத்தணும். இல்லேன்னா அந்த ஊர்ல இல்லாம, அதைப் பத்தித் தேடுறவங்களுக்கும் போயிடும்.

கேள்வி: பணத்தை எப்படிப் பிரிக்கிறது?

20,000 ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு. தட்டினா வாட்ஸ்அப் திறக்கற மாதிரி. பத்து வாரத்துக்கு வாரம் 2,000. இதை நாலு குழுவா உடைக்கவே கூடாது. ஒரு குழுவுக்கு வாரத்துக்குச் சுமார் 50 பலன் கிடைச்சாத்தான் மெட்டாவோட கணிப்பு நிலைப்படும். ஒரு விசாரிப்புக்கு 40 ரூபாய்னா, 2,000 ரூபாய் ஒரே குழுவுக்குத்தான் சரியா இருக்கும்.

6,000 கூகுள் தேடலுக்கு. "கோடியக்கரை தங்குமிடம்"னு தேடுறவங்களுக்கு மட்டும். விடுதி பேரைத் தேடுறவங்களுக்கு வேண்டாம். 2012-ல ஈபே சில தேடுதளங்கள்ல தன் பேருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. அந்த வருகையில 99.5 சதவீதம் இலவசத் தேடல் முடிவு வழியாவே வந்துடுச்சு.

மீதி 4,000 கையில. நவம்பர்ல புயல் வரலாம், கஜா வந்த மாதிரி. மழை விட்டு, பூநாரை இறங்கினதும் செலவு பண்ணலாம்.

கேள்வி: பலன் கிடைச்சுதான்னு எப்படித் தெரியும்?

வாட்ஸ்அப் வழியா 20 புக்கிங்னு வைங்க. ஒண்ணுக்கு 1,500 ரூபாய். பார்க்க லாபம். ஆனா அந்த இருபதுல எத்தனை பேர் எப்படியும் வந்திருப்பாங்க?

அதுக்குத்தான் கோவையையும் சேலத்தையும் விளம்பரமே காட்டாம விடணும். விடுதிப் பதிவேட்டுல ஊர் இருக்குமே, அதை எண்ணுங்க. போன சீசன்ல ரெண்டு பக்கமும் 20, 20. இந்த சீசன்ல திருச்சி, மதுரை 34; கோவை, சேலம் 26. சும்மா இருந்தாலே 6 கூடியிருக்கு. விளம்பரத்தோட பங்கு 8தான். 30,000-ஐ எட்டால வகுத்தா 3,750. ரெண்டு ராத்திரி வாடகை 4,000 ரூபாய்னா, துணி வெளுக்கவே மீதி பத்தாது.

கேள்வி: மழையும் இதுல குழப்புமே?

கோடியக்கரையில மழைன்னா நாலு ஊர்க்காரங்களும்தான் வரமாட்டாங்க, அதனால ஒப்பீடு பெருசாக் கெடாது. கெடுக்கறது வேற. திருச்சியில இருந்து ஒரு பள்ளிக்கூடம் பஸ் பிடிச்சு வந்து அஞ்சு ரூம் எடுத்தா, அந்த எட்டுல அஞ்சு போச்சு. குழுவா வர்றதைத் தனியா எழுதி வைக்கணும். எட்டுங்கறது சின்ன எண், தற்செயலாவும் வரலாம். அதனால அடுத்த சீசன்ல ஊரை மாத்திப் போடுவேன்: கோவை, சேலத்துக்கு விளம்பரம், திருச்சி, மதுரைக்கு இல்லை. வித்தியாசம் விளம்பரத்தோட கூடவே இடம் மாறுதான்னு பார்க்கணும்.