ஒரே நிறை, இரண்டு கதை

கரம்பொன்னில் இரண்டு பெண் குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் மாதத்தில் இருவரும் 7.3 கிலோ. உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் அது 15ஆம் சதமானக் கோடு. அதே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேர் இதைவிட நிறை குறைந்தவர்கள். இது பரீட்சைப் புள்ளியல்ல.

முதலாமவள் ஆறாம் மாதத்தில் 6.4 கிலோ. அப்போதும் 15ஆம் கோடுதான். தன் பாதையிலேயே வளர்கிறாள். மற்றவள் அப்போதே 7.3 கிலோ, 50ஆம் கோட்டில் இருந்தவள். மூன்று மாதமாக நிறை ஏறவில்லை. கோடு கிடையாகப் படுத்துவிட்டது. கவலை இவளைப் பற்றித்தான்.

எங்கள் பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டில் சதமானத்துக்குப் பதில் நிறப் பட்டைகள்; பார்க்கும் முறை ஒன்றே. உடுப்பைக் கழற்றி மறுபடி நிறுத்துப் பாருங்கள். அப்போதும் கோடு கிடையாகவே இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.